கறுப்பு-வெள்ளை அச்சுக்கேற்ற அட்டவணை நிறங்கள்

திரையில் தெளிவாக வேறுபடும் இரு நிறங்கள், கறுப்பு-வெள்ளை அச்சில் ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். ஒரு நிறம் எவ்வளவு அடர்ந்த சாம்பலாக மாறும் என்பதை அதன் வெளிச்ச அளவே முடிவு செய்கிறது. அது சிவப்பா பச்சையா என்பது அச்சில் தெரிவதில்லை. சாம்பல் அளவைத் தோராயமாகக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் வாய்பாடு இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

இதில் R, G, B என்பவை நிறத்தில் உள்ள சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகள் (0 முதல் 255 வரை). விடை 0 எனில் கறுப்பு, 255 எனில் வெள்ளை. அச்சுப்பொறிக்கு ஏற்ப விளைவு சற்று மாறலாம்.

எடுத்துக்காட்டு

ஒரு மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி பெற்றவர்களின் வரிசைக்கு வெளிர்பச்சையும் (`#99CC99`), தேர்ச்சி பெறாதவர்களின் வரிசைக்கு வெளிர்சிவப்பும் (`#FF9999`) இடப்பட்டுள்ளதாகக் கொள்வோம். பச்சையின் அளவுகள் 153, 204, 153. அதன் சாம்பல் மதிப்பு ஏறத்தாழ 183. சிவப்பின் அளவுகள் 255, 153, 153; அதன் மதிப்பும் ஏறத்தாழ 183. எனவே அச்சிட்ட தாளில் யார் தேர்ச்சி பெற்றார் என்பதை நிறத்தைக் கொண்டு அறிய முடியாது.

பச்சையை `#D9EAD3` என மாற்றினால் அதன் மதிப்பு 226 ஆகிறது. சிவப்பு 183 ஆகவே இருப்பதால் இரண்டும் பிரிந்து தெரியும். ஆயினும் எது எதைக் குறிக்கிறது என்பதைச் சாம்பல் நிறம் சொல்லாது. ஆகவே கட்டத்துக்குள் "தேர்ச்சி", "தேர்ச்சி இல்லை" என்ற சொற்களையும் எழுத வேண்டும்.

ஒன்றுவிட்டு ஒன்று நிறமிடல்

நீண்ட வரிசைகளைக் கண் தவறாமல் தொடர, ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு வெளிர்சாம்பல் இடுவதுண்டு. இதற்கு `#E6E6E6` (230) பொருத்தமானது. `#F7F7F7` போன்ற மிக வெளிறிய சாம்பல் அச்சிலோ ஒளிநகலிலோ மறைந்துவிடலாம். மிக அடர்ந்த சாம்பலும் உதவாது. லேசர் அச்சுப்பொறி சாம்பலைச் சிறு கறுப்புப் புள்ளிகளாகவே அச்சிடுவதால், அவற்றின்மேல் வரும் சிறிய எழுத்துகளின் விளிம்பு சிதைந்து தோன்றும்.

மேற்கண்ட மதிப்பெண் பட்டியலில் இந்தப் பட்டைகளையும் சேர்க்கக் கூடாது. பட்டையின் 230, தேர்ச்சியின் 226 ஆகிய இரண்டும் அச்சில் ஒன்றுபோலவே தோன்றும். அங்கே வரிசைகளைப் பிரிக்க மெல்லிய கோடுகளே போதும்.

அச்சிடும்போது

பல உலாவிகள் பின்னணி நிறங்களை இயல்பாக அச்சிடுவதில்லை. வலைப்பக்கத்தில் கீழ்க்காணும் விதியைச் சேர்த்தால் பின்னணி அச்சாகும்; அது அச்சாகாமல் போனாலும் கோடுகள் நிற்கும்.

```
@media print {
  td { print-color-adjust: exact;
       border-bottom: 1px solid #000; }
}
```

அச்சு அமைப்பில் கறுப்பு-வெள்ளையைத் தேர்ந்து ஒரு பக்கத்தை அச்சிட்டு, அதனை ஒருமுறை ஒளிநகல் எடுத்துப் பார்ப்பதே முடிவான சோதனை. அந்த நகலிலும் எழுத்துகளும் பட்டைகளும் தெளிவாகத் தெரிந்தால் நிறத்தேர்வு சரியானது.