துணையின்றிப் பளு தூக்கும்போது

உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் பெஞ்சின் மேல் மல்லாந்து படுத்து, எடைத்தட்டுகள் கோத்த இரும்புத் தண்டை மார்புவரை இறக்கி, மீண்டும் மேலே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குப் பெஞ்ச் பிரஸ் என்று பெயர். அவருடைய தலைமாட்டில் இன்னொருவர் நிற்பதையும் கவனித்திருக்கலாம். தள்ளுபவரின் வலிமை பாதியில் தீர்ந்துவிட்டால் தண்டைப் பிடித்துக்கொள்வதற்காகவே அவர் நிற்கிறார். பன்னாட்டு வலுதூக்கும் போட்டிகளில், ஆண்டுக்கணக்கில் பழகிய வீரர்களுக்கும்கூட, மேடையில் குறைந்தது இரண்டு உதவியாளர்கள் இருக்க வேண்டும் என்பது விதி.

ஆனால் குடியிருப்பு வளாகங்களிலுள்ள சிறிய கூடங்களில் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றவரும் தனியே பயில நேரும். அப்போது தலைமாட்டில் நிற்கும் ஆளின் வேலையை எது செய்யும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தரையிலிருந்து தூக்கும் பளுவைத் தாங்க முடியாவிட்டால் கீழே வைத்துவிடலாம். தண்டாலிலும் பஸ்கியிலும் விழுவதற்குப் பளுவே இல்லை. பெஞ்ச் பிரஸில் நிலைமை வேறு. அங்கே பளுவுக்கும் தரைக்கும் இடையில் நம் உடல் இருக்கிறது. கை சோர்ந்தால் தண்டு மார்பின் மேல் அமர்ந்து மூச்சை நெருக்கும். கழுத்துப் பக்கம் சரிந்தால் உயிருக்கே தீங்காகும்.

இதைத் தடுப்பதற்கு ரேக் எனப்படும் இரும்புச் சட்டகம் உதவும். அதன் நிமிர்ந்த தூண்களில் ஒரே இடைவெளியில் துளைகள் இருக்கும். அத்துளைகளில் பெஞ்சுக்கு இருபுறமும் இரண்டு தடித்த கம்பிகளைச் செருகலாம். இவையே பாதுகாப்புக் கம்பிகள். கை சோர்ந்தால் தண்டு மார்பில் தங்காமல் இவற்றின் மேல் தங்கும். ஆயினும் கம்பிகள் இருந்தால் மட்டும் போதாது. அவை எந்த உயரத்தில் உள்ளன என்பதைப் பொறுத்தே பயன் அமையும். ரேக் இருந்தும் கம்பிகளை யாரோ விட்டுச்சென்ற துளையிலேயே விட்டுவிட்டுப் படுப்பவர்கள் பலர்.

பெஞ்சில் படுத்தவர் தோள்பட்டைகளைப் பின்னே இழுத்து மார்பை நிமிர்த்தும்போது மார்பு சற்று உயர்கிறது. மூச்சை வெளியே விட்டு முதுகைப் பெஞ்சோடு படியவிட்டால் மார்பு தாழ்கிறது. இவ்விரண்டு உயரங்களுக்கும் இடையில் சில சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. கம்பியின் மேற்பகுதி அந்தச் சிறு இடைவெளிக்குள் அமைய வேண்டும். அப்படி அமைந்தால், பயிற்சியின்போது தண்டு கம்பியில் இடிக்காமல் மார்பைத் தொடும். சோர்ந்து மார்பைத் தாழ்த்தினால் பளு கம்பிக்கு மாறிவிடும்.

ஒரு மாணவரின் அளவுகளைக் கொண்டு இதைப் பார்ப்போம். தண்டின் எடை 20 கிலோ. இருபுறமும் 10 கிலோ தட்டு ஒவ்வொன்று கோத்திருக்கிறார். ஆக மொத்தம் 40 கிலோ. பெஞ்சின் உயரம் 43 செ.மீ. நிமிர்ந்த மார்பு பெஞ்சுக்கு மேலே 27 செ.மீ., தாழ்ந்த மார்பு 23 செ.மீ. எனவே தரையிலிருந்து அளந்தால் மார்பு 70 செ.மீ. உயரத்துக்கும் 66 செ.மீ. உயரத்துக்கும் இடையே ஏறி இறங்குகிறது. கம்பி 68 செ.மீ. உயரத்தில் இருந்தால் நன்று. ஆனால் அந்த ரேக்கின் துளைகளில் கம்பியைச் செருகினால் அதன் மேற்பகுதி 65 செ.மீ. அல்லது 70 செ.மீ. உயரத்தில்தான் நிற்கிறது. 65இல் வைத்தால் தாழ்ந்த மார்பைவிடக் கம்பி கீழே இருக்கும். பளு மார்பின் மேலேயே நிற்கும். 70இல் வைத்தால் ஒவ்வொரு முறையும் தண்டு கம்பியில் இடிக்கும்.

இங்கே துளையை மாற்ற முடியாது; பெஞ்சின் உயரத்தை மாற்றலாம். பெஞ்சின் கால்கள் அனைத்தின் கீழும் 2 செ.மீ. தடிமனுள்ள, வழுக்காத, உறுதியான பலகையை வைத்தார் அம்மாணவர். மார்பின் உயரங்கள் 72, 68 என்று மாறின. இப்போது 70 செ.மீ. கம்பி சரியாக இடையில் அமைந்துவிட்டது. அவர் தலையை வைத்துப் படுத்தால் மூக்கின் நுனி தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தது. ஆகவே தண்டு முகத்தின் பக்கம் உருண்டாலும் கம்பியே அதைத் தாங்கும். இதை அளவுநாடாவோடு விட்டுவிடாமல், தட்டுகள் இல்லாத வெறுந்தண்டோடு படுத்து, மார்பைத் தாழ்த்தி, தண்டுக்கும் மார்புக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பளு பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? முதலில், பிடியை விடக்கூடாது. கட்டைவிரல் தண்டைச் சுற்றியே இருக்க வேண்டும். அவ்வாறு சுற்றாத பிடியில் தண்டு உள்ளங்கையிலிருந்து நழுவக்கூடும். முழங்கைகளை மடக்கித் தண்டை மெல்ல மார்புக்கு இறக்குக. பின்பு மூச்சை விட்டு முதுகைத் தாழ்த்துக. தண்டு கம்பிகளில் அமர்ந்ததும் பக்கவாட்டில் நழுவி வெளியே வரலாம்.

கம்பியே இல்லாத பெஞ்சில் மாட்டிக்கொண்டவர் தண்டை மார்பிலிருந்து வயிற்றின் மேலாக இடுப்புக்கு உருட்டி, எழுந்து உட்கார்வது உண்டு. பளு குறைவாக இருந்தால் மட்டுமே இது இயலும். வயிற்றில் அழுத்தமும் கடுமையாக இருக்கும். தண்டை ஒருபுறம் சாய்த்துத் தட்டுகளைச் சரியவிடுவது மற்றொரு வழி. தட்டுகளைப் பூட்டும் கிளிப்புகளை மாட்டாமல் விட்டிருந்தால்தான் இது நடக்கும். ஒருபுறத் தட்டுகள் விழுந்த நொடியில் மறுபுறம் வேகமாகக் கவிழும் என்பதால் அருகில் யாரும் இருக்கக்கூடாது. இவ்விரண்டையும் நம்பி அப்பெஞ்சில் படுப்பதைவிட டம்பெல்களை எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

டம்பெல்கள் கைக்கு ஒன்றாகத் தனித்தனியே இருப்பதால் மார்பின் குறுக்கே பூட்டுப்போல் படிவதில்லை. சோர்ந்தால் இரண்டையும் உடலின் இருபுறமும் இறக்கித் தரையில் விடலாம். கைகளை அகல விரித்தபடி விட்டால் தோள் இழுபடும். முழங்கைகளை விலாவுக்கு அருகில் கொண்டுவந்த பின்னரே விட வேண்டும். பெஞ்சும் இல்லையெனில் தரையில் படுத்தே தள்ளலாம். முழங்கை தரையைத் தொட்டதும் இறக்கம் தானே நின்றுவிடும்.

ஸ்குவாட் என்பது தண்டைத் தோளின் பின்புறம் தாங்கி, உட்கார்ந்து எழும் பயிற்சி. இதற்கும் அதே கம்பிகள் உதவும். வெறுந்தண்டோடு முழுமையாக உட்கார்ந்து, தண்டு வந்து நிற்கும் மிகத் தாழ்ந்த உயரத்தைக் கண்டறிந்து, அதற்கு அடுத்த கீழ்த்துளையில் கம்பிகளைச் செருக வேண்டும். எழ முடியாதபோது முன்னே குனிவதே பெருந்தவறு. தண்டு கழுத்தை நோக்கி உருளும், முதுகும் வளையும். மார்பை நிமிர்த்தியபடியே தண்டோடு கீழே இறங்கி, கம்பிகள் பளுவை ஏற்றதும் முன்பக்கமாக வெளியே வருக.

போட்டி வீரர்கள் கைகளை விடுவித்துத் தண்டைப் பின்னே விழவிட்டு, முன்னே தாவி விலகுவதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முழு விட்டமுடைய ரப்பர் தட்டுகளும், பின்னால் காலியிடமும், அத்தகைய அடியைத் தாங்கும் தளமும் வேண்டும். இரும்புத் தட்டுகளோடு, ஓடு பதித்த அறையில், அதைச் செய்யலாகாது. ரேக் இல்லாத இடத்தில் ஒரே டம்பெல்லை இரு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்து உட்கார்ந்து எழலாம். தளர்ந்தால் அதை இரு பாதங்களுக்கும் முன்னே தரையில் வைத்துவிட்டுப் பின்னே ஓரடி நகர்ந்தால் போதும்.