கோடையில் முட்டைக்கோழிக்குத் தீவனம் எப்போது?

காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துரைப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. அப்போது முட்டை குறைகிறது. கிடைக்கும் முட்டையும் ஓடு மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே கீறல் விடுகிறது. உடனே டானிக், வைட்டமின் வாங்கக் கடைக்குப் போகிறோம். அவற்றால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் குறைவின் வேர், வெயில் நேரத்தில் கோழியால் தின்ன முடியாமல் போவதில் இருக்கிறது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது தீவன நேரத்தை என்பேன்.

மூச்சிரைப்பும் முட்டை ஓடும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொட்டகைக்குள் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வேகமாக மூச்சிரைக்கத் தொடங்கும். அந்த ஈரக்காற்றோடுதான் உடல் சூடு வெளியேறுகிறது. கூடவே கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்தும் அந்த வாயுவிலிருந்து உருவாகும் கார்பனேட்டும் சேர்ந்தது. ரத்தத்தில் அது குறைந்தால் ஓடு மெலியும்.

இதோடு இரை குறைவதும் சேர்கிறது. நாளுக்கு 110 கிராம் தின்னும் கோழி, கடும் வெயிலில் 85 கிராமோடு நிறுத்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனத்தில் கால்சியம் 3.6 சதவீதம் என்றால் முன்பு கிடைத்தது சுமார் 4 கிராம். இப்போது 3 கிராம்தான். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராமுக்கு மேல் தேவை. தின்றதில் பாதியளவே உடம்பில் ஒட்டும். பற்றாததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. அது நெடுநாள் தாங்காது.

காலையும் மாலையும்

காலை பத்து மணிக்குப் போட்ட தீவனம் செரிக்கும்போது எழும் உள்சூடு, பிற்பகலின் வெளிச்சூட்டோடு சேர்ந்துகொள்ளும். அதனால் விடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு, வெயில் தாழ்ந்தபின் மீதி இரு பங்கு என்று பிரித்துப் போடுவது நல்லது. பத்து மணி முதல் நான்கு மணி வரை தீவனத் தொட்டி காலியாக இருக்கலாம். தண்ணீர் மட்டும் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

பகலில் பட்டினி போட்டால் முட்டை இன்னும் குறையாதா என்று கேட்பது நியாயமே. நாளின் மொத்த அளவைக் குறைத்தால் குறையும்தான். இங்கே அளவைக் குறைக்கவில்லை, நேரத்தை நகர்த்துகிறோம். எப்படியும் நடுப்பகலில் கோழி அதிகம் தின்னாது. மாலைத் தீவனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. கிளிஞ்சலைத் தூளாக்காமல் குறுணையாக மாலையில் கொடுத்தால், இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். மேலே சொன்ன கணக்கில் விட்டுப்போன கால்சியத்தை ஈடுகட்ட, கோழிக்கு இரண்டரை கிராம் கிளிஞ்சல் போதும்.

புரதத்தைக் கூட்டிக் கொடுக்கலாமே என்பார்கள். உடல் பயன்படுத்தாத புரதத்தைக் கழிக்கும் வேலையே சூட்டைக் கூட்டும். மெத்தியோனின், லைசின் அளவைச் சரிசெய்து, எரிசக்தியில் ஒரு பகுதியை எண்ணெயாகச் சேர்ப்பதே மேல். அந்த அளவைக் காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு முடிவு செய்யலாம்.

சூடான தண்ணீர்

தண்ணீரில் ஆப்ப சோடா கலப்பது இழந்த கார்பனேட்டை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் கோழி குடித்தால்தானே? நூறு கோழிக்குச் சாதாரண நாளில் 20 முதல் 25 லிட்டர் போதும். கொடும் வெயிலில் 40 லிட்டரையும் தாண்டும். வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியும் கூரையோரம் ஓடும் பிளாஸ்டிக் குழாயும் அந்தத் தண்ணீரை வெந்நீராக்கிவிடுகின்றன. பிற்பகல் இரண்டு மணிக்கு, தொட்டியில் அல்ல, கடைசி நிப்பிளில் கைவைத்துப் பாருங்கள். கைக்குச் சூடாகப் பட்டால் கோழியும் ஒதுக்கும். தொட்டிக்குக் கீற்றுப் பந்தல், சுற்றி நனைத்த சாக்கு, பகலில் இரண்டு மூன்று முறை குழாயில் தேங்கிய நீரைத் திறந்துவிடுதல் ஆகியவை செலவில்லாத வழிகள்.

கூரையும் காற்றும்

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே சூடு தணியும். மேலே தென்னங்கீற்று பரப்பினால் இன்னும் நல்லது. மின்கம்பி அருகே இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தை மறக்கக் கூடாது. உள்ளே நீர்ப்புகை தெளிப்பான் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: காற்று ஓடாத கொட்டகையில் ஈரம் தங்கிவிட்டால், மூச்சிரைத்தும் சூடு வெளியேறாது. கோடை மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தெளிப்பானை நிறுத்தி, மின்விசிறியை ஓட்டுங்கள்.

எல்லாக் குறைவும் வெயிலால் வருவதில்லை. வெப்ப அயற்சியானால் மாலையில் இரைப்பு அடங்கி, கோழி தீவனத்துக்கு ஓடிவரும். குளிர்ந்த வேளையிலும் சோர்ந்து நின்றாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, கழுத்து திருகினாலோ அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.