தென்னைக்குச் சொட்டுநீர்: வரிசையை மட்டும் அளந்தால் போதாது

தென்னந்தோப்புக்குச் சொட்டுநீர் போட எவ்வளவு குழாய் வேண்டும் என்று கேட்டால், வரிசையின் நீளத்தை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கிச் சொல்லத் தோன்றும். அந்தக் கணக்கில் வாங்கினால், பாதி வேலையிலேயே குழாய் தீர்ந்துவிடும்.

250 அடி நீளமும் 175 அடி அகலமும் உள்ள தோப்பை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஓர் ஏக்கர். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி. வரப்பிலிருந்து பன்னிரண்டரை அடி தள்ளி முதல் மரம். நீளவாக்கில் வரிசைக்கு 10 மரம், மொத்தம் 7 வரிசை, 70 மரங்கள். அகலவாக்கில் ஒரு வரப்பை ஒட்டி சப்மெயின் ஓடுகிறது. அங்கிருந்து கடைசி மரம் வரைக்கும் ஒரு லேட்டரலுக்கு 240 அடி வேண்டும். ஏழு வரிசைக்கும் 1,680 அடி.

ஆனால் தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிமரத்திலிருந்து சல்லிவேர்கள் நாலா பக்கமும் பரவுகின்றன. ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் மறுபக்க வேர்கள் காய்ந்தே கிடக்கும். அதனால் மரத்தைச் சுற்றி, தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வளையமாகக் குழாய் போடுகிறார்கள். அந்த வட்டத்துக்கு 21 அடி, இணைப்புக்கு 2 அடி. மரத்துக்கு 23 அடி வீதம் 70 மரத்துக்கு 1,610 அடி. வரிசைக்குப் போன அளவு குழாய் வளையங்களுக்கும் போய்விடுகிறது! இரண்டும் சேர்ந்து 3,290 அடி, அதாவது சுமார் 1,000 மீட்டர். வெட்டு, வளைவுக்கென்று 50 மீட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

வளையத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக, மரத்துக்கு 4 டிரிப்பர், ஏக்கருக்கு 280. மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் என்றால், இரண்டு மணி நேரத்தில் மரத்துக்கு 64 லிட்டர் கிடைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓட, மணிக்கு 2,240 லிட்டர் வேண்டும். கிணறோ போர்வெல்லோ அவ்வளவு தராவிட்டால், வால்வு வைத்துத் தோப்பை இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும்.

வரிசை 500 அடியானால் இந்தக் கணக்கை அப்படியே இரட்டிப்பாக்கக் கூடாது. 16 மி.மீ. குழாயில் 20 மரத்துக்கான நீர் ஓடும்போது, உராய்வில் அழுத்தம் பெரிதும் குறைந்து கடைசி மரங்களுக்குத் தண்ணீர் எட்டாது. சப்மெயினை நடுவில் கொண்டுபோய், இரு பக்கமும் லேட்டரலைப் பிரித்துவிட வேண்டும்.

போட்டபின் சோதிப்பது சுலபம். முதல் மரத்தின் டிரிப்பரடியிலும் கடைசி மரத்தின் டிரிப்பரடியிலும் ஒரு டம்ளரை மூன்று நிமிடம் வையுங்கள். 400 மில்லி நிறைய வேண்டும். கடைசி மரத்தின் நான்கு டிரிப்பரிலும் 360 மில்லிக்குக் கீழே இறங்கினால், அழுத்தம் போதவில்லை. ஒன்றில் மட்டும் குறைந்தால் அது அடைப்பு. உப்புத்தண்ணீர்ப் பகுதியில் வாயோரம் வெள்ளையாகப் படிந்திருப்பதே அதைக் காட்டிவிடும்.