பர்ல் வரிசை ஏன் தளர்கிறது?

கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னும் பலரை ஒரு குறை விடாமல் துரத்துகிறது. நல்ல பக்கத்தில் வெளிச்சம் சாய்வாகப் படும்போது, துணியில் கிடைமட்டமாக மெல்லிய பட்டைகள் தெரியும். ஒரு வரிசைக் கண்ணிகள் பெரிதாகவும், அடுத்த வரிசைக் கண்ணிகள் சிறிதாகவும் மாறிமாறி வரும். துணியைத் திருப்பினால் இன்னும் தெளிவு. பின்பக்கத்து மேடுகள் சம இடைவெளியில் நிற்காமல் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு பள்ளம் விட்டிருக்கும். பின்னல்காரர்கள் இதை ரோயிங் அவுட் என்கிறார்கள். நூலையோ ஊசியின் தரத்தையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரு வரிசை நிட், மறுவரிசை பர்ல் என்று முன்னும் பின்னுமாகப் பின்னும் ஸ்டாக்கினெட்டில் பர்ல் வரிசை மட்டும் தளர்ந்திருப்பதுதான் காரணம்.

நிட், பர்ல் இரண்டும் ஒரே கண்ணியின் இரு முகங்கள். ஆனால் அவற்றைப் போடும் கை அசைவு ஒன்றல்ல. பர்ல் போடும்போது நூல் முன்பக்கம் நிற்கிறது. அதை ஊசியின் மேலாகச் சுற்றிக் கீழே கொண்டுவந்து, கண்ணி வழியே பின்னால் தள்ளுகிறோம். நூலை இடது கையில் பிடிப்பவர்கள் இந்தச் சுற்றுக்காக விரலைத் தாழ்த்துவதால் இழுப்பு ஒரு கணம் விட்டுப்போகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரளவு நூல் கூடுதலாகச் சேர்ந்தாலும், நூறு கண்ணி கொண்ட வரிசையில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

திருத்தத் தொடங்குமுன் மாதிரித் துண்டை நனைத்துப் பாருங்கள். கம்பளியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துண்டில் சுற்றி அழுத்தி, படுக்கவைத்து உலர்த்தினால் மிகை நூல் பக்கத்துக் கண்ணிகளுக்குள் நகர்ந்துவிடும். சிறிய வேறுபாடு அதிலேயே மறையும். பருத்தி நூலுக்கு அந்த நெகிழ்வு இல்லை. பட்டைகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

மறையவில்லை என்றால் தளர்வது எந்த வரிசை என்று உறுதிசெய்ய வேண்டும். சிலருக்கு நிட் வரிசைதான் தளரும். 4 மி.மீ. ஊசியில் 30 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நிட்டாக ஒரு துண்டு பின்னுங்கள். அதே நூலில், அதே ஊசியில், எல்லா வரிசையும் பர்லாக இன்னொன்று பின்னுங்கள். இரண்டும் மேடுமேடான ஒரே வகைத் துணியாகத்தான் வரும். எனவே பர்ல் துண்டின் அகலம் கூடுதலாக இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஊசியை மாற்றுவது. கையை இறுக்கிப் பின்ன முயன்றால் விரல் வலிக்கும், சிறிது நேரத்தில் கை பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது கை ஊசிதான். ஆகவே நிட் வரிசைக்கு வலது கையில் 4 மி.மீ., பர்ல் வரிசைக்கு 3.75 மி.மீ. இருந்தால் போதும். முதல் வரிசை நிட் என்றால், கண்ணிகளை 3.75 ஊசியில் ஏற்றித் தொடங்குங்கள். அப்போது காலியாக இருக்கும் 4 மி.மீ. ஊசி நிட் வரிசையைப் பின்னும், அடுத்த வரிசைக்கு 3.75 தானாகவே காலியாகி வரும். முனை மாற்றக்கூடிய வட்ட ஊசியில் இரு முனைகளையும் இரண்டு அளவாகப் போட்டுக்கொள்ளலாம். பட்டை குறைந்தும் மறையாவிட்டால் 3.5 போட்டுப் பாருங்கள். பர்ல் கண்ணிகள் நிட்டைவிடச் சிறுத்துவிட்டால் அளவுக்கு மீறித் திருத்திவிட்டோம் என்று பொருள்.

இதில் கணக்கும் மாறும். முன்பு 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தது, இப்போது 23 வருகிறது என்று வையுங்கள். 50 செ.மீ. அகலத்துக்காகப் போட்ட 110 கண்ணிகள் இப்போது ஏறக்குறைய 47.8 செ.மீ.தான் தரும். முன்பாகம், பின்பாகம் சேர்ந்தால் மார்புச் சுற்றில் நாலு செ.மீ.க்கு மேல் குறைந்துபோகும். அதனால் இரண்டு ஊசிகளையும் ஒரு படி ஏற்றிப் புதிய மாதிரித் துண்டு பின்ன வேண்டும்.

நூல் செல்லும் பாதையையே குறுக்குவது இன்னொரு வழி. பர்ல் போடும்போது நூலை ஊசியின் மேலாகச் சுற்றாமல், ஊசி முனையால் நூலை மேலிருந்து அமுக்கி, அது ஊசிக்கு அடியில் ஓடும்படி எடுப்பது. நூல் குறைவாகச் செலவாவதால் கண்ணி இறுகும். ஆனால் கண்ணி ஊசியில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கும். அடுத்த நிட் வரிசையில் அதன் பின்காலில் ஊசியை நுழைத்துப் பின்ன வேண்டும். மறந்து முன்காலில் நுழைத்தால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். அடிப்பகுதியில் இரு கால்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கண்ணி குறைக்கும் இடங்களிலும் கவனம் தேவை. இரண்டு கண்ணிகளைப் பின்கால் வழியே சேர்த்துப் பின்னினால் இடது பக்கம் சாயும். வலது பக்கம் சாய வேண்டுமானால் இரண்டையும் முதலில் திருப்பி வைத்துக்கொண்டு பின்ன வேண்டும்.

பர்லே வேண்டாம் என்று வட்டமாகப் பின்னுபவர்களும் உண்டு. எலிசபெத் ஸிம்மர்மன் தம் 1971 நூலான ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ஸில் இந்த முறையைத்தான் விரும்பிப் பரிந்துரைத்தார். ஆனால் கைக்குழிக்குமேல் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் பிரித்து முன்னும் பின்னுமாகப் பின்னும் ஸ்வெட்டரில், அந்த இடத்திலிருந்து பர்ல் வரிசைகள் தொடங்கும். சீரான உடல் பகுதிக்குமேல் பட்டைகளும் தொடங்கும். பிரிக்கும் வரிசையிலிருந்தே பர்லுக்குச் சிறிய ஊசியை எடுத்துவிட்டால் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியோடு ஒத்துப்போகும்.