சேமிப்பா, பகிர்வா, அனுப்பலா?

இன்ஸ்டாகிராமில் தையல் வகுப்பு நடத்தும் ஒருவர் இரண்டு கரோசல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ரவிக்கைக்கு அளவெடுக்கும் முறை. மற்றொன்று, தைக்கக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் அலைவதைப் பற்றிய கிண்டல். இரண்டையும் தலா 2,000 பேர் பார்த்தார்கள். முதலாவதை 120 பேர் சேமித்தார்கள், 10 பேர் அனுப்பினார்கள். இரண்டாவதில் சேமிப்பு 8, அனுப்பல் 90.

வகுப்பில் ஆள் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் முதலாவதே வெற்றி. 6 சதவீதம் பேர் மறுபடி பார்க்க எடுத்துவைத்திருக்கிறார்கள். கற்கும் ஆர்வம் அங்கேதான் தெரிகிறது. புதியவர்களை எட்ட இரண்டாவது. பின்தொடராதவர்களிடம் பதிவு போய்ச்சேர, தனிச்செய்தியில் அனுப்பப்படுவதே கூடுதலாக உதவும் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025இல் சொன்னார். ஸ்டோரியில் பகிர்வது 'இது என் கருத்தும்கூட' என்ற அறிவிப்பு. பிரசாரப் பதிவுக்கு அதைப் பாருங்கள். எதுவானாலும், பார்த்தவர் தொகையால் வகுத்தபிறகே ஒப்பிடுங்கள்.