எக்ஸ்பைரி நாளில் நான்கு ரூபாய் ஆப்ஷன் எப்படி ஐம்பத்தெட்டு ரூபாய் ஆகிறது?

நிஃப்டியின் வாராந்திர ஆப்ஷன்கள் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் முடிகின்றன. அன்று மதியம் ஒன்றரை மணிக்கு நிஃப்டி 25,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,150 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் நான்கு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சந்தை மூட இரண்டே மணி நேரம் இருக்கிறது; அதற்குள் நிஃப்டி 150 புள்ளிக்கு மேல் ஏறினால்தான் அந்த ஆப்ஷனுக்கு மதிப்பு. ஏறாது என்று நம்பும் ஒருவர் லாட்டுக்கு 65 வீதம் 10 லாட், அதாவது 650 யூனிட் விற்கிறார். கையில் 2,600 ரூபாய் வருகிறது.

அவருடைய செயலியில் அந்த ஆப்ஷனுக்கு நேராக டெல்டா 0.08 என்று காட்டுகிறது. நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் இந்த ஆப்ஷனின் விலை சுமார் எட்டுப் பைசா ஏறும் என்பது அதன் பொருள். புட் ஆப்ஷனுக்கு டெல்டா மைனஸில் இருக்கும். நிஃப்டி ஏறினால் அதன் விலை இறங்குவதே காரணம். விற்றவர் மனக்கணக்குப் போடுகிறார்: நிஃப்டி 200 புள்ளி ஏறினாலும் 200 × 0.08, அதாவது 16 ரூபாய். நான்கு ரூபாய் ஆப்ஷன் இருபது ரூபாயாகும். தாங்கிக்கொள்ளக்கூடிய நஷ்டம்தான்.

நிஃப்டி உண்மையிலேயே ஏறுகிறது. இரண்டரை மணிக்கு 25,150. இரண்டே முக்காலுக்கு 25,200. ஆப்ஷனின் விலை இருபது ரூபாயில் நிற்கவில்லை. முதலில் முப்பதைத் தொட்டு, பிறகு ஐம்பத்தெட்டுக்குப் போய்விட்டது. 2,600 ரூபாய் வாங்கியவர் இப்போது வெளியேற வேண்டுமானால் சுமார் 37,700 ரூபாய் கொடுக்க வேண்டும்.

இந்த எண்கள் என் ஊகம் அல்ல. ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட விலைச் சூத்திரத்தில், நிஃப்டியின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றும் வட்டி இல்லை என்றும் போட்டால் வருபவை. எக்ஸ்பைரி நாளின் இறுதிக் கணக்குக்கு எந்த விலையை எடுப்பது என்ற நுணுக்கத்தை எளிமைக்காக விட்டுவிட்டேன். நிஜச் சந்தையில் விலைகள் சற்றே விலகும், கதை மாறாது.

விற்றவர் எங்கே தவறினார்? டெல்டாவை ஒரு நிலையான எண் என்று எடுத்துக்கொண்டதில்தான். 0.08 என்பது நிஃப்டி 25,000-இல், இரண்டு மணி நேரம் மிச்சமிருக்கும் அந்த நொடிக்கு மட்டுமே உண்மை. நிஃப்டி 25,150-ஐத் தொட்டபோது அதே ஆப்ஷனின் டெல்டா 0.50. 25,200-இல் அது 0.78. ஏறிய ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியைவிட அதிகச் சேதம் செய்தது.

டெல்டா இப்படி மாறும் வேகத்துக்குத்தான் காமா என்று பெயர். நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் டெல்டா எவ்வளவு மாறும் என்பதே அது. ஒன்றரை மணிக்கு இந்த ஆப்ஷனின் காமா 0.0014. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத எண்போல் இருக்கும். ஆனால் நூறு புள்ளி நகர்வுக்கு அதைப் பெருக்கினால் 0.14, டெல்டாவே 0.08-ஆக இருந்த இடத்தில் இது மிகப் பெரிய மாற்றம். போதாக்குறைக்கு, நிஃப்டி ஸ்ட்ரைக்கை நெருங்க நெருங்கவும் நேரம் கரையக் கரையவும் காமாவும் வளர்ந்தது. இரண்டரை மணிக்கு அது 0.0053, ஏறத்தாழ நான்கு மடங்கு.

டெல்டாவை நான் யூனிட் எண்ணிக்கையாக மாற்றிப் பார்ப்பேன். வாசகர்களும் அப்படியே பார்ப்பது நல்லது. 650 யூனிட்டை 0.08-ஆல் பெருக்கினால் 52. ஒன்றரை மணிக்கு நம் ஆள் நிஃப்டியை 52 யூனிட் விற்றுவைத்தவருக்குச் சமம். இரண்டரை மணிக்கு 325 யூனிட். இரண்டே முக்காலுக்கு 507 யூனிட். அவர் புதிதாக ஒரு ஆர்டர்கூடப் போடவில்லை. இருந்தும் ஒன்றேகால் மணி நேரத்தில் அவருடைய பந்தயம் பத்து மடங்கு ஆகிவிட்டது, அதுவும் அவருக்குப் பாதகமான திசையில். ஆப்ஷனை விற்றவருக்குக் காமா செய்வது இதைத்தான். வாங்கியவருக்கு இதே கணக்கு தலைகீழ்: சரியாகப் போகும்போது அவருடைய பங்கு தானாகப் பெருகும், தவறாகப் போகும்போது தானாகச் சுருங்கும். அந்த வசதிக்குத்தான் அவர் பிரீமியம் கொடுக்கிறார். நிஃப்டி நகராத ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிரீமியம் கரைகிறது.

எக்ஸ்பைரி நாளில் மட்டும் ஏன் இந்த வேகம்? நிஃப்டி 25,000-இல் இருக்கும்போது 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை இரண்டு நிலைகளில் பார்ப்போம். எக்ஸ்பைரிக்கு ஒரு மாதம் இருந்தால் அதன் விலை சுமார் 345 ரூபாய், டெல்டா 0.51, காமா 0.00046. எக்ஸ்பைரிக்கு ஒரே மணி நேரம் இருந்தால் விலை 30 ரூபாய், டெல்டா 0.50, காமா 0.0053. டெல்டாவை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஆப்ஷன்போலத் தோன்றும். ஆனால் காமா பதினோரு மடங்கு வித்தியாசம்.

காரணம் எளியது. ஒரு மாதம் மிச்சமிருக்கும்போது நிஃப்டி நூறு புள்ளி ஏறினாலும் முடிவு இன்னும் திறந்தே இருக்கிறது. அது இறங்கி வர நிறைய நாள் உண்டு. அதனால் டெல்டா 0.51-இலிருந்து 0.55-க்குத்தான் போகும். ஒரு மணி நேரம் மட்டும் இருக்கும்போது 12 சதவீத ஏற்ற இறக்கத்துக்கு நிஃப்டியின் வழக்கமான நகர்வு 75 புள்ளி அளவுதான். அந்த நிலையில் நூறு புள்ளி ஏற்றம் என்றால் ஏறத்தாழ முடிவு தெரிந்துவிட்டது என்று பொருள், டெல்டா 0.50-இலிருந்து 0.91-க்குத் தாவுகிறது. எக்ஸ்பைரி முடியும்போது டெல்டா ஒன்று அல்லது பூஜ்யம், இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அந்த முழு மாற்றமும் ஸ்ட்ரைக்கைச் சுற்றியுள்ள சில புள்ளிகளுக்குள் நெருக்கப்படுவதால்தான் அங்கே காமா உயர்கிறது. ஸ்ட்ரைக்கிலிருந்து வெகுதூரம் விலகிய ஆப்ஷன்களில் அதே நேரத்தில் காமா ஏறத்தாழ பூஜ்யம். எக்ஸ்பைரி நாளில் ஆபத்து எல்லா ஸ்ட்ரைக்கிலும் ஒன்றல்ல; நிஃப்டி எந்த ஸ்ட்ரைக்கை நோக்கி நகர்கிறதோ அங்கேதான் அது குவிகிறது.

இரண்டு எண்களையும் சேர்த்து விலையை மதிப்பிட ஒரு சிறு சூத்திரம் போதும்:

விலை மாற்றம் ≈ Δ × நகர்வு + ½ × Γ × நகர்வு²

அந்த ஒரு மணி நேர ஆப்ஷனுக்கு, நிஃப்டி சட்டென்று நூறு புள்ளி ஏறினால், டெல்டாவின் பங்கு 50 ரூபாய், காமாவின் பங்கு சுமார் 26 ரூபாய். முப்பதோடு கூட்டினால் 106. முழுக் கணக்குப் போட்டால் வருவது 103. டெல்டா மட்டும் என்றால் 80-தான் வந்திருக்கும். காமாவைச் சேர்த்தும் மூன்று ரூபாய் ஏன் இடிக்கிறது? நூறு புள்ளிக்குள் காமாவே மாறிவிட்டதால். நகர்வு பெரிதாகப் பெரிதாக இந்த மதிப்பீடு பிசகும். செய்தி ஒன்று வந்து நிஃப்டி குதித்தால் சூத்திரத்தை நம்பக் கூடாது.

காமாவின் பங்கில் நகர்வு வர்க்கமாக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஐம்பது புள்ளிக்கு 6.6 ரூபாய் என்றால் நூறு புள்ளிக்கு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. தினமும் சிறு நகர்வுகளைப் பார்த்துப் பழகிய விற்பனையாளர் தன் நஷ்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது இங்கேதான்.

பெரிய நிறுவனங்கள் டெல்டாவை ஃபியூச்சர்ஸ் கொண்டு ஈடுகட்டுகின்றன. நம் ஆளும் அப்படிச் செய்திருக்கலாம்: ஒன்றரை மணிக்கு 52 யூனிட்டுக்கு ஈடாக வாங்கி, இரண்டரைக்கு 325-ஆகக் கூட்டி, இரண்டே முக்காலுக்கு 507-ஆக்கி. ஒரு லாட்டுக்குக் குறைவாக வாங்க முடியாது என்பதால் எண்ணிக்கை துல்லியமாக அமையாது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நிஃப்டி ஏறும்போதெல்லாம் வாங்க வேண்டும்; திரும்பி இறங்கினால், வாங்கியதை விற்க வேண்டும். உயர்ந்த விலையில் வாங்கி, தாழ்ந்த விலையில் விற்பது. ஒவ்வொரு ஊசலாட்டத்திலும் பணம் போகும். ஈடுகட்டுவதால் திசை சார்ந்த ஆபத்து நீங்கும், காமாவின் செலவு நீங்காது. கடைசி ஒரு மணி நேரம் தொடங்கும்போது அந்த 30 ரூபாய் ஆப்ஷன் மணிக்கு 15 ரூபாய் வேகத்தில் கரைகிறது. நிஃப்டி ஒரு மணிக்கு 75 புள்ளி நகர்ந்தால் காமா எடுத்துக்கொள்வதும் அதே 15 ரூபாய். அதற்குக் குறைவாக நகர்ந்தால் விற்றவருக்கு லாபம், கூடுதலாக நகர்ந்தால் நஷ்டம். ஆப்ஷன் விற்பனை உண்மையில் ஏற்ற இறக்கத்தின் அளவின் மீதான பந்தயம்.

செபியும் இந்த இரண்டு எண்களின் வழியில்தான் வந்திருக்கிறது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த தனிநபர்களில் சுமார் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் அது 2024 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதம் வந்த விதிகளில் ஒன்று, குறியீட்டு ஆப்ஷன்களை விற்றவர்கள் எக்ஸ்பைரி நாளில் 2 சதவீதம் கூடுதல் மார்ஜின் வைக்க வேண்டும் என்பது. காமா உச்சத்தில் இருக்கும் நாளைப் பார்த்துக் குறிவைத்த விதி அது. 2025 மே மாதம் வந்த சுற்றறிக்கையோ, ஆப்ஷன் நிலுவைகளை லாட் எண்ணிக்கையாக அல்லாமல் டெல்டாவால் பெருக்கி அளக்கச் சொன்னது. 0.08 டெல்டா உள்ள ஒரு லாட்டையும் 0.78 டெல்டா உள்ள ஒரு லாட்டையும் ஒன்றாக எண்ணுவது பொருளற்றது என்பதால் அந்த மாற்றம் நியாயமானதே.

உங்கள் செயலி காமாவைக் காட்டாவிட்டாலும் விலைப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிடலாம். நிஃப்டி ஆப்ஷன்களின் ஸ்ட்ரைக்குகள் 50 புள்ளி இடைவெளியில் வருகின்றன. நிஃப்டி 25,000-இல் நிற்க, ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும்போது 24,950 கால் 61.50, 25,000 கால் 30, 25,050 கால் 11.50 என்று இருக்கட்டும். முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்து நூறால் வகுத்தால் 0.50, அது டெல்டா. முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் 73; அதிலிருந்து நடுவிலையின் இரண்டு மடங்கான 60-ஐக் கழித்தால் 13; அதை 50-இன் வர்க்கமான 2,500-ஆல் வகுத்தால் 0.0052. அதுதான் காமா. கடைசியாக வர்த்தகமான விலையை எடுக்காமல், வாங்க விரும்புபவரின் விலைக்கும் விற்க விரும்புபவரின் விலைக்கும் நடுவிலுள்ள விலையை மூன்று ஸ்ட்ரைக்குக்கும் ஒரே நொடியில் எடுக்க வேண்டும். இதையே ஒரு மாத ஆப்ஷனில் செய்தால், 13 ரூபாய் வந்த இடத்தில் ஒரு ரூபாய் பதினைந்து காசு அளவுதான் வரும். அந்த இரு விலைகளின் இடைவெளியே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால் அங்கே இந்த வழி உதவாது.