கூட்டலைத் திருப்பிப் போட்ட ஏபெல்

1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகைக்கு எல்லையே கிடையாது. ஏற்றம் மிக மெதுவாக இருக்கும். ஆனாலும் எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் ஒரு கட்டத்தில் அதைத் தாண்டிவிடும். இதே பின்னங்களை இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல் என்று எழுதிப் பார்ப்போம்:

1 + 1/2 − 1/3 − 1/4 + 1/5 + 1/6 − 1/7 − 1/8 + …

இது ஏதாவது ஓர் எண்ணை நெருங்குமா? குறி ஒன்றுவிட்டு ஒன்று மாறினால் லைப்னிட்ஸ் விதி நேராகவே பதில் சொல்லிவிடும். இங்கே உறுப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு அந்த விதிக்குள் நுழையலாம். ஆனால் குறிகளின் இடத்தில் sin 1, sin 2, sin 3 போன்ற ஒழுங்கற்ற எண்கள் வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். இரண்டுக்கும் பொதுவான வழி, நார்வே நாட்டுக் கணித மேதை நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல் 1826-இல் ஈருறுப்புத் தொடர் பற்றி எழுதிய கட்டுரையில் இருக்கிறது. பகுதிக் கூட்டல் என்று அதைச் சொல்லலாம். பிளஸ் டூ மாணவர்கள் படிக்கும் பகுதித் தொகையிடலின் உடன்பிறப்பு அது.

தொடரை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். +1, +1, −1, −1 என்று வரும் குறிகள் ஒரு பக்கம்; 1, 1/2, 1/3, 1/4 என்று குறையும் பின்னங்கள் மறுபக்கம். குறிகளை மட்டும் வரவு செலவுபோல் எழுதி, ஒவ்வொரு வரியிலும் இருப்பு எவ்வளவு என்று பார்த்தால் 1, 2, 1, 0, மறுபடி 1, 2, 1, 0 என்றே சுழல்கிறது. இருப்பு 2-ஐத் தாண்டுவதே இல்லை.

இப்போது ஒவ்வொரு குறியையும் ‘இன்றைய இருப்பு கழித்தல் நேற்றைய இருப்பு’ என்று எழுதலாம் அல்லவா? அப்படி எழுதி, ஒரே இருப்பு வரும் இடங்களைச் சேர்த்தால் பின்னங்களுக்குப் பதில் அடுத்தடுத்த பின்னங்களின் வித்தியாசங்கள் வந்து நிற்கும். முதல் நான்கு உறுப்புகளுக்குச் செய்து பார்ப்போம்:

1×(1 − 1/2) + 2×(1/2 − 1/3) + 1×(1/3 − 1/4) + 0×(1/4)
= 6/12 + 4/12 + 1/12 = 11/12

நேரடியாகக் கூட்டினாலும் 1 + 1/2 − 1/3 − 1/4 = 11/12 தான். பொதுவாக, இருப்பை A என்றும் குறையும் எண்களை b என்றும் குறித்தால்:

a₁b₁ + … + aₙbₙ = A₁(b₁ − b₂) + … + Aₙ₋₁(bₙ₋₁ − bₙ) + Aₙbₙ

கடைசி உறுப்பை முதலில் பார்ப்போம். Aₙ ஒரு வரம்புக்குள் இருக்கிறது, bₙ பூஜ்யத்தை நெருங்குகிறது. ஆகவே பெருக்கலும் பூஜ்யத்தை நெருங்கும். மீதியில்தான் நிரூபணத்தின் உயிர் இருக்கிறது. b குறைந்துகொண்டே போவதால் எந்த வித்தியாசமும் எதிர்மமாகாது. வித்தியாசங்களை மட்டும் கூட்டினால் நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு b₁ − bₙ மட்டும் மிஞ்சும். அது b₁-ஐத் தாண்டாது. ஒவ்வொன்றையும் அதிகபட்ச இருப்பு M-ஆல் பெருக்கினாலும் கூட்டல் M×b₁-க்குள் அடங்கிவிடும். A-க்களின் குறி எதுவானாலும், மட்டு மதிப்புகளின் கூட்டலே அடங்கிவிட்டதால் தொடர் ஒருங்கத்தான் வேண்டும். இந்த முடிவு இன்று டிரிச்லேயின் பெயரால் அழைக்கப்படுகிறது.

பிழை எவ்வளவு என்பதும் இதே கணக்கில் கிடைக்கிறது. நம் தொடரில் 100 உறுப்புகளைக் கூட்டி நிறுத்தினால் அங்கே இருப்பு 0. அதன் பிறகு வருவது எல்லாம் சேர்ந்து 0-க்கும் 2/101-க்கும் இடையில்தான் இருக்கும், அதாவது 0.02-க்குள். முழுக் கூட்டுத்தொகை π/4 + (ln 2)/2, ஏறத்தாழ 1.132. ஆனால் அந்த மதிப்பைக் காண வேறு வழி வேண்டும். இந்த முறை ‘ஓர் எண் உண்டு’ என்று மட்டுமே சொல்லும்.

b பூஜ்யத்தை நெருங்கினால் போதாது, குறைந்துகொண்டே போகவும் வேண்டும். 1 − 1/4 + 1/3 − 1/16 + 1/5 − 1/36 + … என்ற தொடரில் குறிகளின் இருப்பு 1, 0, 1, 0 என்று அடக்கமாகவே இருக்கிறது. பின்னங்களும் பூஜ்யத்தை நெருங்குகின்றன. ஆனாலும் தொடர் எல்லையின்றி வளர்கிறது. கழிப்பவை எல்லாம் சேர்ந்தும் ஓர் அளவுக்குள் நிற்க, கூட்டப்படும் 1 + 1/3 + 1/5 + … நிற்பதில்லை. இங்கே b இறங்கி ஏறி இறங்குவதால் வித்தியாசங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் குவிந்துவிடுகின்றன.

சைன் தொடருக்கு வருவோம்: sin 1 + (sin 2)/2 + (sin 3)/3 + …, கோணங்கள் ரேடியனில். இங்கே குறிகள் எப்போது மாறும் என்பதில் எளிய சுழற்சி இல்லை. ஆனால் sin 1 + sin 2 + … + sin n என்ற இருப்பைச் சுருக்கினால் அதன் அளவு 1/sin(1/2)-ஐ, அதாவது ஏறத்தாழ 2.09-ஐத் தாண்டாது என்று தெரிகிறது. அது தெரிந்துவிட்டால் மேலே செய்த நிரூபணம் ஒரு வரிகூட மாறாமல் பொருந்துகிறது, தொடர் ஒருங்குகிறது. அதன் மதிப்பு (π − 1)/2 என்பதை ஃபூரியே தொடர் சொல்கிறது.